உயரச் சீட்டு ஏன் வந்தது? மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி மருத்துவ அறையில் இருக்கும் நர்ஸ் எழுதுகிறேன். போன வாரம் உங்களில் சிலருடைய பிள்ளைகளின் டைரியில் ஒரு சீட்டு வந்திருக்கும்: "உயர வளர்ச்சியை குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டவும்." அன்று சாயங்காலமே வகுப்பு வாட்ஸ்அப் குரூப் சூடாகிவிட்டது. "என் பொண்ணு கிளாஸ்லயே குட்டை கிடையாதே, அவளுக்கு ஏன்?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அதே வகுப்பில் இன்னொரு பையன் எல்லோரையும்விடக் குட்டை, அவனுக்குச் சீட்டு வரவில்லை. ஆளை மாற்றி எழுதிவிட்டேனோ என்றுகூட ஒருவர் சந்தேகப்பட்டிருந்தார். மாற்றவில்லை. யார் குட்டை என்று பார்த்து இந்தச் சீட்டைக் கொடுப்பதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் முதலில் பார்ப்பது, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் நடுவில் பிள்ளை எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்பதைத்தான். ஐந்து வயதிலிருந்து வயதுக்கு வரும் காலம் வரை, ஆரோக்கியமான பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். குட்டையான பிள்ளையும் சரி, நெட்டையான பிள்ளையும் சரி, இந்த வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வருடத்துக்கு 4 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். அந்தக் குட்டைப் பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்தே குட்டை, ஆனால் வருடம் தவறாமல் ஐந்து, ஐந்தரை என்று ஏறிக்கொண்டே இருக்கிறான். அதனால்தான் அவனுக்குச் சீட்டு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்தப் பிள்ளையின் எண்ணும் இல்லை இது, விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டது. ஒரு பெண் குழந்தை. 6 வயதில் 115.4 சென்டிமீட்டர், 7 வயதில் 118.6, 8 வயதில் 120.9. வகுப்பு வரிசையில் நிறுத்தினால் நடுவில் எங்கோ நிற்பாள், யார் கண்ணிலும் படமாட்டாள். கழித்துப் பாருங்கள். முதல் வருடம் 3.2, அடுத்த வருடம் 2.3. வளர்ச்சி வரைபடத்தில், அந்தந்த வயதின் சராசரி உயரத்தைக் காட்டும் நடுக்கோட்டுக்கு ஆறு வயதில் மேலே இருந்த புள்ளி, எட்டு வயதில் அதற்குக் கீழே வந்துவிட்டது. எடையோ 21 கிலோவிலிருந்து 24, அப்புறம் 27.5 என்று ஏறிக்கொண்டிருக்கிறது. உயரம் நின்று, எடை மட்டும் ஏறுகிற இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் எனக்கு முதலில் தைராய்டுதான் நினைவுக்கு வரும். உயரத்தோடு எடையும் சேர்ந்து குறைந்தால் யோசனை வேறு பக்கம் போகும்: சாப்பாடு போதவில்லையா, சாப்பிட்டது குடலில் சேரவில்லையா, சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறா என்று. இதில் எதையும் முடிவு செய்வது என் வேலை இல்லை. மருத்துவரிடம் போகச் சொல்வதுதான் என் வேலை.

"நாங்களே குட்டைதான் சிஸ்டர், பரம்பரை" என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டுங்கள். ஆண் பிள்ளை என்றால் 13-ஐக் கூட்டுங்கள், பெண் பிள்ளை என்றால் 13-ஐக் கழியுங்கள். பிறகு இரண்டால் வகுங்கள். நம் கணக்கில் வந்த பெண்ணின் அப்பா 170, அம்மா 157 என்று வைத்துக்கொண்டால், 327-இல் 13 போக 314, பாதி 157. பெரியவளாகும்போது அவள் எட்டக்கூடிய உயரம் இதற்கு எட்டு சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம். இது ஒரு குறி மட்டும்தான், உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒன்று புரியும்: பெற்றோர் குட்டை என்றால் பிள்ளை தாழ்வான ஒரு கோட்டில் வளரலாம், அதே கோட்டில் நேராகப் போகும். மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வருடா வருடம் இறங்குவதைப் பரம்பரை என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு பதிலும் வரும்: "இவங்க அப்பாவும் காலேஜ் போனப்புறம்தான் வளர்ந்தார்." உண்மைதான், சில குடும்பங்களில் பிள்ளைகள் தாமதமாகத்தான் வயதுக்கு வருவார்கள், தாமதமாக வளர்ந்து முடிப்பார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகளும் எட்டு வயதில் பெரும்பாலும் நிதானமாக ஏறிக்கொண்டே இருப்பார்கள், இரண்டு வருடம் தேங்கி நிற்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு "பெரிய மனுஷி ஆனதும் தானா வளருவா" என்று காத்திருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உயரம் மளமளவென்று ஏறுவது பூப்பெய்துவதற்கு முன்னால்தான். அதற்குப் பிறகு சராசரியாக ஐந்தாறு சென்டிமீட்டர்தான் மிச்சம். அதனால்தான் எட்டு வயதிலேயே சொல்கிறேன், பன்னிரண்டு வரை பொறுக்கச் சொல்வதில்லை.

"நீங்க அளந்தது தப்பா இருக்கும், வீட்டுச் சுவரில் 123 வந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். அரை சென்டிமீட்டர் பிசகு ஒவ்வொரு முறையும் நடந்தால், வருடக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் வரை மாறிவிடலாம். அதனால் நான் எப்படி அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சுவரில் பொருத்திய அளவுகோல், அடியில் தட்டையான பலகை. ஷூ, சாக்ஸ் இரண்டும் கழற்ற வேண்டும். ஹேர்பேண்ட், கிளிப், பூ எல்லாம் மேஜையில். ரெட்டைப் பின்னலை மடித்து மேலே ரிப்பன் கட்டி வரும் பிள்ளைகளுக்கு அதை அவிழ்த்துவிடுவேன், இல்லாவிட்டால் தலைப்பலகை முடிமேல் உட்கார்ந்துவிடும். (அன்று தலை கலைந்து வீட்டுக்கு வந்ததற்கு இதுதான் காரணம். கட்டிவிடப் பார்த்தேன், அம்மா கட்டுவது போல வராதாம்.) குதிகால், பிட்டம், தோள்பட்டை பலகையைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும்: கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில். பிள்ளைகள் உயரமாகத் தெரிய வேண்டும் என்று முகவாயைத் தூக்குவார்கள், தூக்கினால் அளவு குறையத்தான் செய்யும். ஒவ்வொரு பிள்ளையையும் இறக்கி, மறுபடி நிறுத்தி, மூன்று முறை அளந்து சராசரி எடுக்கிறேன். காலையிலேயே அளப்பதற்கும் காரணம் உண்டு. நாள் முழுக்க ஓடியாடி சாயங்காலம் ஆகும்போது முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கி, சில பிள்ளைகளுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும். இரண்டு அளவுக்கும் இடையில் ஆறு மாதமாவது இல்லாவிட்டால் நான் வேகத்தைக் கணக்கிடுவதில்லை.

நம் ஊரில் மட்டும் வரும் ஒரு பிசகு உண்டு, பிறந்த தேதி. எல்கேஜி சேர்ப்பதற்காகச் சிலர் தேதியை ஆறேழு மாதம் முன்னால் தள்ளிக் கொடுத்திருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை, ஆனால் வரைபடத்தில் எட்டு வயது என்று நான் வைக்கும் புள்ளி, உண்மையில் ஏழரை வயதுப் பிள்ளையுடையது என்றால் அது குட்டையாகத்தான் தெரியும். பள்ளியில் சொல்ல வேண்டாம், மருத்துவரிடம் மட்டுமாவது உண்மையான தேதியைச் சொல்லுங்கள். வேகம் குறைந்தது குறைந்ததுதான், அது தேதியால் மாறாது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்? முதலில் அவர்களும் அளப்பார்கள். பிறந்தபோது எடை எவ்வளவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டா, மலச்சிக்கல் உண்டா, வீசிங்குக்கு ஸ்டீராய்டு மருந்து எடுக்கிறதா, அம்மா எந்த வயதில் பெரியவரானார், அப்பா எப்போது வளர்ந்து முடித்தார் என்று கேட்பார்கள். தடுப்பூசி அட்டையையும் என் சீட்டில் உள்ள மூன்று வருட அளவுகளையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அந்த எண்கள்தான் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். பிறகு பெரும்பாலும் இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பின் வயது எத்தனை என்று அதில் தெரியும், பிள்ளையின் வயதைவிட எலும்பு பின்தங்கியிருந்தால் வளர இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். இரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகம், சில சமயம், கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான சோதனை. பெண் பிள்ளைகளுக்கு, வேறு காரணம் தெரியாவிட்டால், குரோமோசோம் சோதனையும் கேட்கலாம். டர்னர் என்ற நிலை உள்ள சில பெண்களுக்கு வெளியில் தெரியும் ஒரே அறிகுறி வளர்ச்சி குறைவதுதான்.

ஒன்று மட்டும் வேண்டாம்: நீங்களாக லேபுக்குப் போய் "குரோத் ஹார்மோன் டெஸ்ட்" எடுக்காதீர்கள். அந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது, பெரும்பங்கு இராத்திரித் தூக்கத்தில். பகலில் ஒரு குழாய் இரத்தத்தில் குறைவாக வந்தால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. தேவைப்பட்டால் மருத்துவமனையில் மருந்து கொடுத்துச் சுரக்கவைத்து, சில மணி நேரத்தில் பலமுறை எடுத்துப் பார்ப்பார்கள். அது கடைசியில் வரும் சோதனை, முதலில் வருவது இல்லை. அதேபோல டப்பா பவுடரும் கம்பியில் தொங்குவதும். தொங்கட்டும், கைக்கு நல்லது. தைராய்டு குறைந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றும் செய்யாது.

தைராய்டு என்றே தெரியவந்தால் பயப்படாதீர்கள். இந்தப் பட்டியலில் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது அதுதான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அளவு பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. மாத்திரை தொடங்கியபின் பிள்ளைகள் பல சமயம் விட்ட உயரத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறார்கள். பல வருடம் தாமதித்தால் முழுதாகப் பிடிப்பது கடினம். இந்தப் பிள்ளைகள் வகுப்பில் பிரச்சினை எதுவும் பண்ணமாட்டார்கள் என்பது இதில் சங்கடமான விஷயம். அமைதி, ஒழுங்கு, மார்க்கும் நன்றாகவே இருக்கும். கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் மலச்சிக்கல், வறண்ட தோல். "நல்ல பிள்ளை" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்போம்.

வேகம் அதிகமானாலும் சீட்டு வரும், இந்த வருடம் சிலருக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. ஒரே வருடத்தில் எட்டொன்பது சென்டிமீட்டர் ஏறிய பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கியிருந்தால், இந்த மாதமே காட்டுங்கள்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வழக்கமான குழந்தைகள் டாக்டர் போதும், தேவை என்றால் அவரே ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்புவார். செலவு யோசிப்பவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவு வெளிநோயாளிகள் பகுதிக்குக் காலையில் போகலாம். மருத்துவர் "ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து அளக்கலாம்" என்றால் அதையே சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதி வாங்கி வாருங்கள், அந்தத் தேதியில் நானே அளந்து தருகிறேன். பிள்ளையிடம் "நீ வளரவே இல்லையாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அளந்துட்டு வரலாம் வா" என்றால் போதும். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் மருத்துவ அறைக்கு வாருங்கள், குரூப்பில் கேட்க வேண்டாம். அடுத்தவர் பிள்ளையின் எண்ணையும் சேர்த்துப் பேசவேண்டி வரும், அதை நான் செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
பள்ளி நர்ஸ்