சங்கத்து மேசையில் ஒரு நோட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்துத் தோல், ஷூ சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் 22 வருஷம் குப்பை கொட்டியவன். உங்களில் பாதிப் பேரை நேரில் தெரியும், சிலரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்: பின்னால் எது விற்கும் என்பதற்கான தடயங்களைக் குறித்து வைக்கச் சங்கத்து மேசையில் ஒரு நோட்டு வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், மிலானில் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போய்விட்டு வருகிறீர்கள். வந்ததும் ஒரு கூட்டம் போட்டு என்ன கலர், என்ன கிரெயின், என்ன பினிஷ் என்று சொல்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அங்கே தொங்குவது அடுத்த சீசன் சரக்கு. அதே ஸ்வாட்சைக் கான்பூர்க்காரரும் பார்த்துவிட்டார், வியட்நாம்காரரும் பார்த்துவிட்டார். மூன்று நான்கு வருஷம் கழித்து எது விற்கும் என்பதற்கான தடயம் அந்த ஹாலில் அநேகமாக இருக்காது. அது இருக்கும் இடத்தில் நாம் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

என்னிடம் நடந்ததையே சொல்கிறேன். ஜெர்மனிக்குக் குழந்தைகள் செருப்பு ஒரு ஆர்டர். கம்பெனி பெயரும் பையர் பெயரும் வேண்டாம். இங்கே லேபில் பாஸ் ஆன சரக்கு, அங்கே இறங்கியதும் லைனிங் தோலில் குரோம் 6 வந்து ஃபெயில். ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராம் என்பது எல்லை, 2015 மே 1 முதல் ஐரோப்பா முழுக்க அமல். எப்படி வந்தது என்று பார்த்தால், டேனரியில் டிரம்மில் போட்டதெல்லாம் குரோம் 3தான், அதில் வில்லங்கம் இல்லை. ஆனால் லைனிங்குக்கு மீன் எண்ணெய் சார்ந்த ஃபேட்லிக்கர் போட்டிருந்தார்கள். அந்த எண்ணெய் காற்றில் கெடும்போது குரோம் 3-ஐ குரோம் 6 ஆக மாற்றிவிடும். சூடும் வறட்சியும் சேர்ந்தால் இன்னும் வேகம். சரக்கு கிடந்தது தகரக் கூரை போட்ட குடோனில், சித்திரை மாதம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று எங்கள் முதலாளி சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "திடீர்னு சட்டத்தப் போட்டுட்டான்பா!" திடீரென்று போடவில்லை. பிறகு பழைய காகிதங்களைத் தேடிப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். 2007-லேயே ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், தோல் உடையிலும் ஷூவிலும் உள்ள குரோம் 6 ஒவ்வாமைக்காரர்களுக்குப் பிரச்சினை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டிருக்கிறது. டென்மார்க்கில் தோல்நோய் டாக்டர்கள் குரோம் அலர்ஜி நோயாளிகள் கூடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2010-ல் ஜெர்மனி தன் நாட்டுக்குள் மட்டும் தடை போட்டது. 2012 ஜனவரியில் டென்மார்க் அதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுவர மனு கொடுத்தது. 2014 மார்ச்சில் விதி வெளியானது, 2015 மேயில் அமலானது. அறிக்கையிலிருந்து அமல் வரைக்கும் கிட்டத்தட்ட 8 வருஷம். இதில் ஒன்றுகூட ரகசியம் இல்லை.

சட்டத்துக்குத் தயாராக இருந்திருக்கலாம் என்பதோடு இது முடியவில்லை. அந்த 8 வருஷத்தில் ஒரு சரக்கு ஒளிந்திருந்தது. உடம்பில் நேராகப் படும் தோல், அதாவது குழந்தைகள் ஷூ லைனிங், வாட்ச் ஸ்ட்ராப், கையுறை, இவற்றுக்குக் குரோமே இல்லாத தோல். 2007-ல் அந்த அறிக்கையைப் பார்த்தவர் செய்ய வேண்டியது ஒரு வரி குறித்து வைப்பது மட்டும்தான், காசு செலவில்லை. 2010-ல் ஜெர்மனி தடை போட்டதும் ஒரு டிரம் வெட் ஒயிட் ஆட்டுத்தோல் ஓட்டிப் பார்த்திருக்கலாம், இல்லை ஆவாரம்பட்டையில் பதனிட்டுப் பார்த்திருக்கலாம், நம் தாத்தாக்களுக்குத் தெரியாத வேலையா அது? 2012-ல் டென்மார்க் மனு போட்டபோது கையில் ரெடி ஸ்வாட்சோடு பையரிடம் போய் நின்றிருந்தால் விலையை நாம் சொல்லியிருக்கலாம். 2015-ல் எல்லோரும் செய்தார்கள், அப்போது விலையைப் பையர் சொன்னார்.

பாலாற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேலே குப்பம் பக்கம் மழை, புல்லூர் தடுப்பணை நிரம்பி வழிகிறது என்று தகவல் வந்தால், நம்மூரில் ஆறு காய்ந்து கிடந்தாலும் கரையோரத்துக்காரன் மோட்டாரைக் கழற்றி மேலே வைத்துவிடுவான். தண்ணீர் வருமா, எவ்வளவு வரும் என்று நிச்சயம் இல்லை, ஆனால் மோட்டாரைக் கழற்றுவதற்கு அரை மணி நேரம்தான். இகோர் ஆன்சாஃப் என்ற மேனேஜ்மென்ட் அறிஞர் 1975-லேயே கம்பெனிகளுக்கு இதைத்தான் சொன்னார்: தகவல் அரைகுறையாக இருக்கும்போது வேலையும் அரைகுறையாகத் தொடங்கு, தகவல் தெளியத் தெளிய வேலையைக் கூட்டு. அதற்கு அவர் வைத்த பெயர் பலவீனமான சிக்னல்.

சரி, பலவீனமான சிக்னல் எல்லாம் உண்மையாகிவிடுமா? ஆகாது. காளான் தோல் ஞாபகம் இருக்கும். போல்ட் த்ரெட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மைலோ, 2021-ல் அடிடாஸ் ஷூவிலேயே காட்டினார்கள், நம் ஆட்கள் சிலர் தூக்கம் வராமல் தவித்தார்கள். 2023-ல் பணம் கிடைக்காமல் அந்தத் தயாரிப்பையே நிறுத்தி வைத்தார்கள். எத்தனையோ பத்திரிகையில் வந்த செய்திதான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஊற்று ஒன்று, அந்தக் கம்பெனியின் அறிவிப்பு. குரோம் 6-ல் பாருங்கள், டாக்டர் ஒருவர், அரசு நிறுவனம் ஒன்று, வேறு நாட்டின் மனு ஒன்று, ஒருவருக்கொருவர் கூட்டாளி இல்லை. நான் இப்போது பார்ப்பது இரண்டே விஷயம்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடத்திலிருந்து வருகிறதா, அப்புறம் யாராவது இரண்டாவது முறை காசு கொடுத்து வாங்கினார்களா. முதல் ஆர்டர் விளம்பரத்துக்காகக்கூட இருக்கும், ரிப்பீட் ஆர்டர் அப்படி இல்லை.

இன்னொரு விதமாகவும் ஏமாறலாம், திசை சரி, தேதி தப்பு. காடழிப்பு விதி என்று ஐரோப்பா கொண்டுவந்ததில் மாட்டுத்தோலையும் சேர்த்தார்கள். 2024 டிசம்பர் என்றார்கள், 2025 என்றார்கள், பிறகு 2026 டிசம்பருக்குப் போனது. முதல் தேதியை நம்பிப் பெரிய செலவு செய்தவருக்கு வட்டிதான் மிச்சம். தேதியைப் பார்த்து மிஷின் வாங்கக்கூடாது, அறிக்கை, ஒரு நாட்டுத் தடை, மனு, விதி என்று எந்தப் படிக்கு வந்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது நம் கண் முன்னால் ஓடுவதற்கு வருகிறேன். தோலில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் இருக்க ஃப்ளூரின் கலந்த கெமிக்கல் அடிக்கிறோமே, அந்த பிஃபாஸ் குடும்பம். 2012-ல் கிரீன்பீஸ் மலையேறும் ஜாக்கெட்டுகளை டெஸ்ட் செய்து வெளியிட்டது. 2015-ல் இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்தையே குறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். 2022 நவம்பரில் பிராண்டுகள் சேர்ந்து நடத்தும் இசட்டிஹெச்சி அமைப்பு, உற்பத்தியில் போடக்கூடாத கெமிக்கல் பட்டியலில் இந்தக் குடும்பத்தையே சேர்த்தது. 2023 ஜனவரியில் ஐந்து நாடுகள் சேர்ந்து ஐரோப்பா முழுமைக்கும் மனு. 2025-ல் பிரான்ஸ் தன் சட்டத்தைப் போட்டது, துணியும் ஷூவும் 2026 ஜனவரியிலிருந்து. குடும்பத்தில் பிஎஃப்ஹெச்எக்ஸ்ஏ என்ற வகைக்கு ஐரோப்பிய விதி தனியாக வந்துவிட்டது, ஷூவுக்கு அதன் தேதி 2026 அக்டோபர் 10. அதே ஏணிதான், படிகூட மாறவில்லை.

அப்படியானால் ஃப்ளூரின் இல்லாத வாட்டர்ப்ரூஃப் தோல்தான் வாய்ப்பா என்றால், இல்லை. கெமிக்கல் கம்பெனிக்காரர் எல்லோரும் சிலிகானும் மெழுகும் கேனில் கொண்டுவந்து கொடுக்கிறார். அது இனி உள்ளே நுழைய டிக்கெட், அவ்வளவுதான். அந்த மாற்றுச் சரக்கு எதைச் செய்யாது என்று பார்த்தால்தான் வாய்ப்பு தெரியும். சிலிகான் தண்ணீரை நிறுத்தும், மேசர் மிஷினில் 15,000 மடிப்பு தாங்கும்படிகூடச் செய்யலாம், ஆனால் எண்ணெயை நிறுத்தாது. ஓட்டல் சமையல்காரர், மெக்கானிக், இவர்கள் ஷூவில் முதலில் படுவது எண்ணெய். இரண்டாவது சிக்கல், சிலிகான் ஏறிய தோலில் சோல் பசை பிடிக்காது. சாம்பிள் ரூமில் இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், பீல் டெஸ்டில் சோல் தோல் நாரைப் பிய்த்துக்கொண்டு வராமல் காகிதம் மாதிரி உரிந்து வரும். அதாவது எண்ணெய் தாங்க மேலே மெல்லிய பியூ கோட்டிங், தண்ணீர் தாங்க உள்ளே சிலிகான், ஓரத்தை எவ்வளவு சுரண்டினால் பசை பிடிக்கும் என்ற கணக்கு, மூன்றையும் ஒரே ஷூவில் தீர்ப்பவரிடம் இரண்டு மூன்று வருஷத்துக்குப் பையர் தேடி வருவார். டேனரியும் ஷூ கம்பெனியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் நம்முடையது. இந்த வேலைக்கு இதைவிடத் தோதான இடம் எது?

பெரிய செலவு வேண்டாம். 50 ஜோடி செய்யுங்கள். ஆம்பூர் பிரியாணிக் கடை மாஸ்டர்கள் 25 பேருக்கும் பைபாஸ் ஒர்க் ஷாப் ஆட்கள் 25 பேருக்கும் போடக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வாங்கி அறுத்துப் பாருங்கள். கைவிட வேண்டிய இடத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு உபகரணங்களில் சிலவற்றுக்கு விதியில் விலக்கு இருக்கிறது, அந்த விலக்கு பெருகினால் கனமான சேஃப்டி பூட்ஸ்காரர்கள் பழைய கெமிக்கலிலேயே இருந்துவிடுவார்கள், அந்தப் பக்கம் போக வேண்டாம், சமையலறை ஷூவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்காக உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு நோட்டு, சங்க ஆபீஸ் மேசையில். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்: எந்தத் தேதி, என்ன கண்ணில் பட்டது, எங்கே, உண்மையானால் யார் காசு கொடுப்பார், எது நடந்தால் இதை அடித்துவிடலாம். எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். பையர் அனுப்பும் தடைப் பொருள் பட்டியல் ஒவ்வொரு வருஷமும் மாறுகிறது, புதிதாகச் சேர்ந்த வரி எது என்று மெர்ச்சண்டைசர் பெண்களுக்குத் தெரியும், அதை யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. ரிஜெக்ட் ஆன சாம்பிள் மேல் பையர் கிறுக்கியிருக்கும் கமெண்டைப் படிப்பவர் பினிஷிங் மாஸ்டர். ஐரோப்பிய ரசாயன முகமையின் தளத்தில், எந்த நாடு எதைக் கட்டுப்படுத்த உத்தேசித்திருக்கிறது என்ற பட்டியல் மனுவுக்கு முன்பே வந்துவிடும், இலவசம், நம் லேப் பையன் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். இவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உட்கார வைத்து நோட்டைப் படிக்க வேண்டும், முதலாளிகள் அன்று பேசாமல் கேட்க வேண்டும். இது கொஞ்சம் கஷ்டம் என்று எனக்கும் தெரியும்!

முதல் நோட்டை நானே வாங்கி வருகிறேன். முதல் பக்கத்தில் சிலிகானும் சோல் பசையும் பற்றி எழுதி, பிய்த்தெடுத்த சோல் ஒன்றையும் கூடவே வைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அப்புறம் எந்த வாரம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டிலிருந்து ஒரு பழைய சாம்பிள் ரூம் ஆள்