செல்விக்கு, பெருமூச்சு பற்றி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெரியப்பாவின் ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல் என்று போய்விட்டது, இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சாதம் சாப்பிடுகிறார், சாயங்காலம் வாசல் வரை நடக்கிறார். அவர் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் நீ கேட்ட கேள்விக்கான பதில் பாதி அந்த வார்டிலேயே இருந்தது.

"அம்மா, எப்பப் பார்த்தாலும் பெருமூச்சு விட்டுட்டே இருக்கியே, என்னதான் கவலை உனக்கு?" என்று உன் மகள் கேட்டாள், எனக்கோ விடுவதே தெரியவில்லை, கவலையும் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். விளக்கு வைக்கிற நேரத்தில் பெருமூச்சு விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று உன் மாமியார் வேறு சொல்கிறாராம். செல்வி, பெருமூச்சு விடாத மனிதரே கிடையாது. நீ, நான், உன் மகள், உன் மாமியார் எல்லோரும் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒன்று விடுகிறோம், மணிக்குப் பத்துப் பன்னிரண்டு. தூக்கத்திலும் விடுகிறோம். பெரும்பாலானவை சத்தமே இல்லாமல் போய்விடும், அதனால் யாருக்கும் தெரிவதில்லை. இருபது வருஷமாக நெஞ்சுப் பிசியோதெரபி பார்க்கிறவள் நான், மற்றவர்கள் மூச்சைக் கவனிப்பதுதான் என் பிழைப்பு, என் மூச்சு எனக்கும் தெரியாது.

நுரையீரலுக்குள்ளே குட்டிக் குட்டிக் காற்றறைகள் 30 முதல் 50 கோடி வரை இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அவற்றின் உள்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். மழையில் நனைந்த பாலித்தீன் பை ஒட்டிக்கொண்டால் பிரிக்க எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும், அதே சங்கடம்தான் இங்கேயும். நாம் சும்மா இருக்கும்போது இழுக்கும் மூச்சு அரை லிட்டர்தான், அதுவும் ஒரே அளவாகத் திரும்பத் திரும்ப. அந்த அளவில் எல்லா அறைகளும் நன்றாக விரிவதில்லை. ஓரங்களில், குறிப்பாக அடிப்பகுதியில், இங்கொன்று அங்கொன்றாகச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். திறந்திருக்கிற அறையைத் திறந்தபடி வைத்திருக்கக் கொஞ்சம் இழுத்தால் போதும், ஒட்டிப்போனதைப் பிரிக்கத்தான் பெரிய இழுப்பு வேண்டும். புது பலூனில் முதல் ஊதல் மட்டும் கன்னம் வலிக்கிறதே, அந்த மாதிரி.

அந்தப் பெரிய இழுப்புதான் பெருமூச்சு. அடுத்த தடவை யாராவது விடும்போது உற்றுப் பார், அது ஒரே இழுப்பாக இருக்காது. சாதாரணமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்து, விடவேண்டிய இடத்தில் விடாமல், அதன் மேலேயே இன்னொரு இழுப்பு ஏறும். குழந்தை அழுது ஓய்ந்த பிறகு விம்மி இழுக்கிறதே, அதில் இது அப்பட்டமாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து வழக்கமான மூச்சைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் காற்று உள்ளே போகிறது. ஒட்டியிருந்த அறைகள் பட்டென்று பிரிகின்றன. அதோடு இன்னொன்றும் நடக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அறைகளின் சுவரில் சர்ஃபாக்டன்ட் என்று ஒரு வழுவழுப்பான பொருள் சுரக்கிறது, சோப்பு மாதிரி வேலை செய்து ஈரச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதைச் சுரக்கும் செல்கள் நன்றாக இழுபட்டால்தான் நிறையச் சுரக்கும். ஆக ஒரு பெருமூச்சு ஒட்டினதைப் பிரித்துவிட்டு, மறுபடி சீக்கிரம் ஒட்டாதபடி எண்ணெயும் போட்டுவிட்டுப் போகிறது. ஐந்து நிமிடம் கழித்து அடுத்தது.

இதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது ஆபரேஷன் மேஜையில்தான் தெரிந்தது. 1963-இல் பாஸ்டனில் பெண்டிக்சனும் அவருடைய சக மருத்துவர்களும், மயக்க மருந்து கொடுத்து, மெஷின் மூலம் ஒரே அளவில் மூச்சு கொடுக்கப்பட்ட நோயாளிகளைக் கவனித்தார்கள். காற்றின் அளவு மாறவில்லை, மெஷினிலும் கோளாறு இல்லை, ஆனாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் மெல்ல மெல்ல இறங்கியது. சில பெரிய மூச்சுகளைக் கொடுத்துச் சில நொடிகள் பிடித்து வைத்ததும் திரும்ப ஏறியது. மெஷினுக்குப் பெருமூச்சு விடத் தெரியாமல் போனதுதான் விஷயம். அதன் பிறகு பல வெண்டிலேட்டர்களில் பெருமூச்சுக்கென்றே ஒரு வசதி சேர்த்தார்கள்.

சரி, பெரியப்பா. வயது 71. குடல் அடைப்பு, வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன், தொப்புளுக்கு மேலும் கீழும் நீளமாகத் தையல். நான் போய்ச் சேர்ந்தது இரண்டாம் நாள் சாயங்காலம். சாய்ந்து படுத்திருக்கிறார், மூச்சு நிமிடத்துக்கு 28, எல்லாம் கழுத்தடியில் முடிந்துவிடுகிற மேல் மூச்சு. விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் 91. பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர் மார்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினைந்து நிமிடம், ஒரு பெருமூச்சு கூட இல்லை. தையல் இழுக்கும் என்று உடம்பே பயந்து ஆழமாக இழுப்பதை விட்டுவிட்டது, வலிக்குக் கொடுக்கிற கடுமையான மருந்துகளும் இந்த இழுப்பைக் குறைக்கும். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தால் அடியில் காற்றுச் சத்தமே கேட்கவில்லை. ஆழமாக ஒன்று இழுக்கச் சொன்னபோது கடைசியில் நறநறவென்று ஒரு சின்னச் சத்தம், ஒட்டியிருந்த அறைகள் பிரிகிற சத்தம் அது.

தலைமாட்டில் மூன்று பந்து இருக்கிற அந்த பிளாஸ்டிக் கருவி இருந்தது, நீயும் பார்த்திருப்பாய். "ஊதிக்கிட்டுதாம்மா இருக்கேன், பந்து எழும்பவே மாட்டேங்குது" என்றார். எனக்கு மனசே கேட்கவில்லை. அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இதை அவருக்கு யாரும் ஒரு தடவை செய்து காட்டவே இல்லை, ஒன்றரை நாளாக ஊதியிருக்கிறார். ஊதினால் இருக்கிற காற்றும் வெளியே போய் அறைகள் இன்னும் சுருங்கத்தான் செய்யும்.

தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடிக்கச் சொன்னேன், தையல் அசையாமல் இருக்க. வலி மாத்திரை கொடுத்து அரைமணி விட்டு ஆரம்பித்தோம். வாயில் குழாயை வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் ஒரு நொடி துள்ளி விழுந்துவிடும், பார்ப்பதற்குப் பெரிய சாதனை மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் நடந்திருக்காது. ஒரே ஒரு பந்து எழுந்தாலும் அது மூன்று நொடி நின்றால் அதுதான் கணக்கு. முதல் நாள் ஒரு பந்து தடுமாறி நின்றது. மணிக்குப் பத்துத் தடவை, நடுநடுவே இருமல், பிடித்துக்கொண்டு பத்தடி நடை. அடுத்த நாள் சாயங்காலம் ஆக்சிஜன் 95, மூச்சு 20. நடந்ததும் உட்கார்ந்ததும் இதில் பெரும் பங்கு, கருவி மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கருவி இல்லாமல் வெறுமனே ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் கவனித்தாயா, மணிக்குப் பத்து. நாம் அறியாமல் விடுகிற பெருமூச்சின் கணக்கும் அதுவேதான். இயற்கையான பெருமூச்சைப் போல இழுக்க வைக்கத்தான் அந்தக் கருவியையே உண்டாக்கினார்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரியாமல் எப்படி நடக்கிறது என்று கேட்பாய். மூச்சுக்கான தாளம் மூளையின் அடித்தண்டில் முகுளம் என்கிற பகுதியில் இருக்கிறது. ஜாக் ஃபெல்ட்மேன், மார்க் கிராஸ்னோ இருவரின் குழுக்களும் சேர்ந்து 2016-இல் எலிகளில் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: அங்கே சுமார் 200 நரம்பணுக்கள் இரண்டு வகைப் புரதத் துணுக்குகளைச் சுரக்கின்றன, தாளம் போடுகிற இடத்தில் இருக்கும் இன்னொரு 200 அணுக்கள் அதை வாங்கி, சாதாரண மூச்சை இரட்டை மூச்சாக மாற்றிவிடுகின்றன. வாங்குகிற வழியை அடைத்தபோது எலிகள் சாதாரணமாக மூச்சு விட்டன, பெருமூச்சு மட்டும் அடியோடு நின்றுபோனது. அதாவது பெருமூச்சுக்கென்று தனி பட்டனே இருக்கிறது. யோசிக்கிற மூளையிடம் அது அனுமதி கேட்பதில்லை, அதனால்தான் உனக்கும் தெரியவில்லை.

அப்போ துக்கம், ஏக்கம்? அதே பட்டனை மனசும் அழுத்துகிறது, அவ்வளவுதான். ஓஸ்லோவில் கார்ல் டைகன் என்பவர் விடை கிடைக்காத புதிர்களை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் பெருமூச்சு விட்டார்கள், ஒரு வழி சரிவராமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிற இடைவெளியில். பலருக்கும் தாங்கள் விட்டதே தெரியவில்லை. பெல்ஜியத்தில் எல்கே ஃப்லெமின்க்ஸ் செய்த ஆய்வுகளும் இதை ஒட்டியவைதான்: கவனம் குவித்து வேலை செய்யும்போது மூச்சு தன் இயல்பான ஏற்ற இறக்கத்தை இழக்கிறது, பெருமூச்சு அதை மறுபடி சீராக்குகிறது. நீ கணக்கு நோட்டு பார்க்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும்தான் அதிகம் விடுகிறாய் என்று உன் மகள் சொன்னதாக எழுதியிருந்தாயே, அது கவலை இல்லை செல்வி, மூச்சைக் கிட்டத்தட்டப் பிடித்து வைத்திருந்துவிட்டு விடுவது.

எப்போது யோசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்று வந்து, எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையாத மாதிரி இருந்தால் அது வேறு. பகலில் படுத்தி, தூங்கினதும் காணாமல் போனால் பெரும்பாலும் பதற்றம்தான். மேலும் மேலும் இழுத்தால் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். அப்போது பெரிதாக இழுக்காமல் மெதுவாக வெளியே விடுவதுதான் உதவும். மாடிப்படி ஏறினால் இரைப்பு, மல்லாந்து படுக்க முடியாமை, கால் வீக்கம், நெஞ்சு வலி இதில் ஏதாவது கூடவே இருந்தால் பதற்றம் என்று நாமாக முடிவு கட்டாமல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். உனக்கு இதில் ஒன்றும் இல்லை என்றுதான் உன் கடிதத்தைப் படித்தால் படுகிறது.

ஒரு காரியம் செய். உன் பெருமூச்சை நீயே எண்ணாதே, கவனித்த நிமிடமே மூச்சு மாறிவிடும். நீ டீவி பார்க்கிற நேரமாகப் பார்த்து, உனக்குச் சொல்லாமல் அரைமணி நேரம் மகளை எண்ணச் சொல். நீ தூங்கின பிறகு ஒரு அரைமணி எண்ணினாலும் நல்லது. இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பு, ஆறேழு என்று வந்தால் உன் மாமியாரிடம் நானே போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
மல்லிகா