விவாதப் போட்டியின் புள்ளித்தாள் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

இல்லங்களுக்கிடையிலான விவாதப் போட்டி முடிந்த பிறகு உங்களில் சிலர் என்னிடம் வந்து, மண்டபமே கைதட்டிய பிள்ளையின் அணி எப்படித் தோற்றது என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். அந்தப் பிள்ளையும் அவருடைய அம்மாவும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.

எங்கள் புள்ளித்தாளில் ஒவ்வொரு பேச்சாளருக்கும் 100 புள்ளிகள். கருத்துக்கு 40, வெளிப்பாட்டுக்கு 30, மறுப்புக்கு 30. கருத்து என்றால் என்ன சொன்னார், அதற்கு என்ன ஆதாரம் தந்தார் என்பது. வெளிப்பாடு என்பது குரல், தெளிவு, சபையைப் பார்த்துப் பேசும் விதம். இந்த இரண்டையும் நீங்கள் இருந்த இடத்திலிருந்தே கணித்திருப்பீர்கள். மூன்றாவதுதான் கேட்பவர்களின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை, அன்றைய முடிவும் அதில்தான் இருந்தது.

அன்றைய தலைப்பு, “நாட்சம்பளத்தை விட கிலோ கணக்குச் சம்பளமே தொழிலாளருக்கு நல்லது”. நாட்சம்பளம் நிச்சயமானது, மழையோ வெயிலோ வேலைக்குப் போனால் காசு உண்டு என்று எதிரணித் தலைவர் தொடங்கினார். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதை ஆதாரமாகக் காட்டினார். நல்ல கருத்து. அதற்குச் சார்பணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்ன பதிலை நடுவர்கள் மூவருமே குறித்திருக்கிறார்கள்: “நாட்சம்பளம் நிச்சயம் என்கிறார்கள். ஆயிரம் ரூபா வந்த பிறகு பல தேயிலைத் தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். அந்த அளவு வராவிட்டால் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான். அப்படியென்றால் கிலோ கணக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, தொழிலாளிக்குப் பாதகமான பாதி மட்டும் வந்திருக்கிறது.”

மறுப்பு என்றால் இதுதான். எதிர்த்தரப்பு சொன்னதை முதலில் திரிக்காமல் திருப்பிச் சொன்னார். அது ஏன் நிற்காது என்று காட்டினார். அப்புறம், அது விழுந்தால் தலைப்புக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லி முடித்தார். மூன்றும் இருந்ததால் 25 புள்ளி.

அடுத்து எதிரணியிலிருந்து வந்தவர்தான் கைதட்டல் வாங்கிய பிள்ளை. மலையக மக்கள் இங்கே வந்த கதையை அவர் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. வெளிப்பாட்டுக்கு 27 புள்ளி, அன்று யாருக்கும் அதைவிடக் கூடவில்லை. ஆனால் அரைப் பேர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கருத்துக்கு 28, மறுப்புக்கு 9, மொத்தம் 64. சார்பணிப் பேச்சாளர் கருத்துக்கு 32, வெளிப்பாட்டுக்கு 20, மறுப்புக்கு 25 என்று 77 எடுத்தார்.

பதில் இல்லாமலா போனது? “கிலோவைக் கூட்டியது நிர்வாகத்தின் தவறு, நாட்சம்பள முறையின் தவறு அல்ல. வெயில் காலத்தில் கொழுந்து இல்லாத மாதங்களில் கிலோ கணக்கென்றால் அரைப் பேர்ச் சம்பளம்கூட வராதே” என்று கேட்டிருந்தாலே மறுப்புக்கு 20க்கு மேல் கிடைத்திருக்கும். இது நடுவர்களுக்கும் தெரியும், அவர்களில் இருவர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் பேச்சாளர் சொல்லாததை நடுவர் தன் மனதுக்குள் சொல்லிப் புள்ளி போட முடியாது.

நடுவர்கள் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ஓர் அணியின் கருத்தையும், அதற்கு நேர் எதிரே மற்ற அணியின் பதிலையும் எழுதுவார்கள். எதிரே வெற்றிடம் இருந்தால் அந்தக் கருத்து பதிலில்லாமல் நிற்கிறது என்று பொருள். வெளிப்பாட்டுப் புள்ளியைப் பேச்சு முடிந்ததுமே போட்டுவிட வேண்டும், மற்ற இரண்டையும் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் இனிமையான குரல் கருத்துப் புள்ளியையும் சேர்த்து உயர்த்திவிடும். தாள்களைக் கையளிக்கும் வரை நடுவர்கள் தங்களுக்குள் பேசவும் கூடாது.

சார்பணித் தலைவருக்கு மறுக்க எதுவுமே இல்லையே, அவருக்கு எப்படிப் புள்ளி என்று ஒரு தந்தை கேட்டார். முதலில் பேசுபவருக்கு முன்னால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அதனால் இரு தலைவர்களுக்கும் மறுப்புப் புள்ளியைக் கடைசித் தொகுப்புரையில் இருந்துதான் போடுகிறோம். தொகுப்புரையில் புதுக் கருத்து கொண்டுவந்தால், மற்ற அணிக்குப் பதில் சொல்ல வாய்ப்பில்லாததால், அதை நடுவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டில் பிள்ளை பயிற்சி எடுக்கும்போது நீங்கள் எதிரணியாக ஒரு கருத்தைச் சொல்லுங்கள். பதில் சொல்வதற்கு முன் நீங்கள் சொன்னதை அவர் தன் வார்த்தையில் சொல்லட்டும். “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகு பதிலைக் கேளுங்கள். கொழுந்து, சம்பளம், அரைப் பேர் பற்றி எங்கள் ஆசிரியர்களை விட உங்களுக்கே அதிகம் தெரியும்.

உங்கள் பிள்ளையின் புள்ளித்தாளையும் நடுவர் குறிப்பையும் பாடசாலை அலுவலகத்தில் பார்க்கலாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், வகுப்பாசிரியர் உடனிருந்து விளக்குவார்.

இப்படிக்கு,
அதிபர்