சத்துமாவு பாக்கெட் வாசகம்: சனிக்குள் திருத்த வேண்டும்

வணக்கம் தோழிகளே.

புது லேபிள் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அச்சுக்குப் போகிறது. அதற்குள்:

1. "சுகரை விரட்டும்", "30 நாளில் பலன் உறுதி" இரண்டையும் எடுத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 2018 எஃப்எஸ்எஸ்ஏஐ விதிகள் அனுமதிப்பதில்லை.

2. "சாப்பிட்டவருக்கு சுகர் 280லிருந்து 120" என்ற வாடிக்கையாளர் அனுபவமும் வேண்டாம். குணமாகும் என்று நாம் சொல்லாவிட்டாலும் படிப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால்? எனக்கு அதுதான் பெரிய பயம்.

3. "பக்கவிளைவே இல்லை" கூடாது. மாவில் வேர்க்கடலை இருக்கிறது, சிலருக்கு ஒவ்வாது. "வேர்க்கடலை உள்ளது" என்று தெளிவாகப் போடுங்கள்.

4. மாற்று வாசகம்: "கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, வேர்க்கடலை வறுத்து அரைத்தது. காலைக் கஞ்சிக்கு ஏற்றது."

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட பழைய படங்களையும் நீக்குங்கள்.

திருத்தியவர்கள் லேபிள் படத்துடன் "முடிந்தது" என்று வெள்ளி இரவுக்குள் பதில் போடவும்.