வண்டி இடித்த முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு தாள் கொடுங்கள்: மோட்டார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் கிளை வைத்து மோட்டார் இன்சூரன்ஸ் விற்கும் நிறுவனங்களின் மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் கார் பட்டறை வைத்திருப்பவன். சேதத்தை மதிப்பிடும் உங்கள் சர்வேயர்கள் என் பட்டறைக்கு வந்து போகிறவர்கள்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிளெய்மில் அவர்கள் எதைத் தள்ளுவார்கள், ஏன் தள்ளுவார்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிரீமியம் கட்டியவருக்கு மட்டும் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் கோரிக்கை ஒன்றுதான். வண்டி இடித்ததும், உங்களுக்குப் போன் செய்வதற்கு முன் ரோட்டிலேயே என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்து ஒவ்வொரு பாலிசியோடும் கொடுங்கள்.

சமீபத்தில் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். மேலூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், அம்மாவை மதுரைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு சொந்தக் காரில் வந்திருக்கிறார். நரசிங்கம்பட்டி பக்கம் ஒரு பைக் ராங் சைடில் எதிரே வந்திருக்கிறது. இவர் வலப்பக்கம் ஒடித்ததில் காரின் முன்பக்கம் மீடியன் கல்மேல் ஏறி இறங்கிவிட்டது. பைக்கின் ஹேண்டில் பார் இடது கதவைக் கிழித்துவிட்டு, ஓட்டிவந்த பையன் கீழே விழுந்தான். முழங்காலில் நல்ல சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

அவர் முதலில் செய்தது சரிதான். இறங்கி ஓடிப் பையனைத் தூக்கி உட்கார வைத்து, 108-க்குப் போன் போட்டார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நாலு பேர் பைக்கைத் தூக்கி ஓரமாக, மதுரையைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். "அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்கண்ணே, பின்னால லாரி வருது" என்று சத்தம் போட்டார்கள். இவரும் ஸ்டார்ட் பண்ணி ஓரங்கட்டினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசி முடித்து, "இருவரும் சமாதானமாகப் போகிறோம்" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஆறாயிரம் ரூபாய் கை மாறியது. அம்மாவுக்கு நேரமாகிறதே என்று காரை அப்படியே மதுரைக்கு ஓட்டினார். ஒத்தக்கடை தாண்டுவதற்குள் ஆயில் லைட் எரிந்தது, அடுத்த கொஞ்ச தூரத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். மீடியன் கல் பட்டதில், என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. சொட்டு ஆயில் இல்லை. என்ஜினைப் பிரித்தால் பேரிங்குகள் நீலம் பாரித்துக் கிடக்கின்றன, கிராங்க் ஷாஃப்ட் முழுக்கக் கோடு. ஆயில் போனதும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆயில் படலம் போய், இரும்பு இரும்போடு தேயும். ஆயில் லைட் எரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த லைட் காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும். பார்த்து நிறுத்துவதற்குள் பேரிங் போயிருக்கும்.

எஸ்டிமேட்டில் பம்பர், கதவு, சம்ப், ஆயில் எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம். என்ஜின் வேலை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். உங்களில் ஒருவருடைய அலுவலகம் முதல் பகுதிக்கு மட்டும் தேய்மானம் கழித்துப் பணம் கொடுத்தது. என்ஜினைத் தள்ளிவிட்டது. பழுதுபார்க்காமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடும் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசியில் நிபந்தனை இருக்கிறது. சட்டப்படி நீங்கள் செய்தது செல்லும். நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த நிபந்தனையை அவர் எங்கே படித்திருக்க முடியும்? வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் ஆக வந்த, பொடி எழுத்து ஆங்கிலத்தில், எத்தனையோ பக்கம் தள்ளி. ஒரு வரி, "இடித்தபின் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், கீழே குனிந்து ஒழுகுகிறதா என்று பாருங்கள்" என்று தமிழில் அவர் கையில் இருந்திருந்தால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் மிச்சம். அம்மா ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி டாக்டரிடம் போயிருப்பார். அந்த மனிதர் பாத்திரக்கடைச் சீட்டுப் பணத்தை எடுத்து என் பில்லைக் கட்டினார். அதை வாங்கும்போது எனக்குக் கை கூசியது.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

அடிபட்டவருக்கு உதவியும், 108-ம் முதலில். அதற்கு அடுத்த வேலை சாவியைத் திருப்பி என்ஜினை அணைப்பது, நான்கு பக்க விளக்கையும் போடுவது, பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைப்பது. பிறகு, எதையும் நகர்த்துவதற்கு முன் போட்டோ. இதற்கு இரண்டு நிமிடம் போதும். இரண்டு வண்டியும் ரோடும் மீடியனும் ஒரே படத்தில் வருகிற மாதிரி தூரத்திலிருந்து நாலு பக்கமும் எடுக்க வேண்டும். பக்கத்துக் கடையின் போர்டோ கிலோமீட்டர் கல்லோ அதில் தெரிந்தால் இடத்தைப் பற்றிப் பிறகு யாரும் வாதாட முடியாது. டயர் தேய்ந்த கோடு, உடைந்து சிதறிய கண்ணாடி, வண்டிக்கு அடியில் தேங்கிய ஆயில், இரண்டு நம்பர் பிளேட் எல்லாம் கிட்டத்தில். நிறைய பேர் நசுங்கிய இடத்தை மட்டும் நெருங்கி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லாது. இந்தப் பாத்திரக்கடைக்காரருக்கு நடந்ததைப் பாருங்கள். பைக்கைத் தூக்கி நேராக நிறுத்தியதுமே அது ராங் சைடில் வந்ததற்கான சாட்சி அழிந்துவிட்டது. சமாதானம் ஆன பையனின் வீட்டார் பிறகு போலீஸில் கொடுத்த புகாரில், கார் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்து பின்னால் மோதியதாக எழுதியிருக்கிறது. இவரிடம் காட்ட ஒரு படம் இல்லை.

பலருக்குத் தோன்றாத ஒன்று, டாஷ்போர்டில் உள்ள கிலோமீட்டர் ரீடிங்கின் படம். விபத்து நடந்த இடத்தில் ஒன்று, பட்டறையில் இறக்கும்போது ஒன்று. இரண்டிலும் ஒரே எண் இருந்தால் வண்டி அதற்குப் பிறகு ஓடவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தோடு ஒட்டிக்கிடக்கும் தேதி, நேரம், இடம் போன்ற விவரங்கள் போய்விடும். ஆகவே அசல் படங்களைப் போனிலேயே அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எதிர்வண்டி ஓட்டியவரின் பெயர், போன் நம்பர், லைசென்ஸ். வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பார்த்தவர்கள் இரண்டு பேரின் போன் நம்பர். எதிரே டீக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கேமரா இருந்தால் அன்றைக்கே கேட்க வேண்டும், சில நாளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

ஒருவருக்குச் சிராய்ப்பே ஆனாலும் போலீஸுக்குச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. அங்கேயே சொல்ல முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதே பிரிவு, பாலிசி விவரத்தோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கவும் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர் போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீதையாவது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வரக்கூடாது.

அந்த வெள்ளைத்தாள் சமாதானத்தைப் பற்றி. கம்பெனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, கொடுக்கவோ கூடாது என்பதும் உங்கள் நிபந்தனைதான். நம் ஊரில் ரோட்டோரப் பஞ்சாயத்து இல்லாத விபத்து உண்டா? அடிபட்டவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு நூறு இருநூறு கொடுப்பதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் "என் மேல்தான் தப்பு" என்று பொருள்படும் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. அந்தச் சமாதானத் தாள் நஷ்டஈட்டு வழக்கையும் தடுக்காது. "நீங்கள் ஏன் பணம் கொடுத்தீர்கள்?" என்று உங்கள் ஆள் கேட்டபோது அந்த மனிதர் தலைகுனிந்து நின்றார்.

கடைசியாக வண்டியை எடுப்பது. ஒழுகல் எதுவும் இருந்தால் தள்ளி ஓரங்கட்ட வேண்டும், ஸ்டார்ட் பண்ணக்கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033 உதவி எண் இருக்கிறது. வண்டி அங்கே இருக்கும்போதே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். கட்டி இழுத்த பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும். தனியார் காருக்கு வழக்கமான பாலிசியில் இதற்கு 1,500 ரூபாய் வரைதான் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், பிறகு பட்டறைக்காரனிடம் சண்டை போட மாட்டார்கள்.

இந்தச் சாலைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ராங் சைடில் வருகிற பைக்கைத் தடுக்க ஆள் இல்லை, மீடியன் முனையில் ஒளிரும் பட்டை இல்லை, ஊருக்கு ஊர் வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை. சம்ப் வெடித்து என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி அந்த வேகத்தடையில் அடிபட்டவை. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. உங்கள் பங்குக்கு வருகிறேன். உங்கள் இலவச எண்ணில் போன் போட்டால், ரத்தம் வழிகிறவன் பக்கத்தில் நிற்கும்போது மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பாலிசி எண்ணை அடிக்கச் சொல்லி, பிறகு பாட்டுப் போடுகிறீர்கள். பிரீமியம் புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும் நீங்களே அழகான தமிழில் எத்தனை முறை கூப்பிடுகிறீர்கள்! அந்தத் தமிழை விபத்து நாளிலும் கொடுக்க உங்களுக்கு என்ன தடை?

மன்னியுங்கள், கோபம் முந்திக்கொண்டது. பணிவாகவே கேட்கிறேன். ஆர்.சி. புத்தகக் கவருக்குள் மடித்து வைக்கிற அளவுக்கு ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில். அதோடு இன்னொன்று: போனை எடுக்கும் உங்கள் ஊழியர், பாலிசி எண்ணைக் கேட்பதற்கு முன் "யாருக்கும் அடிபட்டிருக்கிறதா? வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், போட்டோ எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்கட்டும். தாளை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நானும், இங்கே உள்ள பட்டறைக்காரர்கள் சிலரும் கூலியில்லாமல் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அச்சடிப்பது உங்கள் வேலை.

இப்படிக்கு,
கார் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
மதுரை