ஓஎல்இடி டிவியில் பதிந்த சேனல் லோகோ: உத்தரவாதம் மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

போன தீபாவளிக்கு மதுரையிலுள்ள உங்கள் ஷோரூமில் 55 அங்குல ஓஎல்இடி டிவி ஒன்றை ரூ. 1,18,000 கொடுத்து வாங்கினேன். பக்கத்திலேயே அதே அளவு எல்சிடி டிவி ரூ. 56,000-க்கு இருந்தது. (எல்இடி டிவி என்று எழுதி விற்பதும் பின்னால் எல்இடி விளக்கு வைத்த எல்சிடிதான்.) இருமடங்கு விலைக்குக் காரணமாக உங்கள் விற்பனையாளர் காட்டியது கறுப்பு நிறத்தை. எல்சிடியில் பின்விளக்கு கசிந்து இரவு வானம் சாம்பல் பூத்துத் தெரிந்தது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பு வேண்டிய இடத்தில் அடியோடு அணைந்துவிடுகிறது. அதில் இன்றும் எனக்குக் குறையில்லை.

வெளிச்சம் வேறு கதை. பகலில் திரை முழுக்க வெள்ளையாக ஏதாவது வந்தால் படம் மங்கிவிடுகிறது. மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுக்குள் வைக்க டிவி அப்படிச் செய்யும் என்றார் உங்கள் டெக்னீஷியன். விளம்பரத்தில் போடும் உச்ச வெளிச்சம் திரையின் சிறு பகுதிக்குத்தான் என்பதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

இப்போது புகாருக்கு வருகிறேன். என் தந்தை பகல் முழுக்கச் செய்தி சேனல் பார்ப்பவர். திரையின் மூலையில் அந்த சேனலின் சிவப்பு லோகோ பதிந்துவிட்டது. டெக்னீஷியன் வெறும் சாம்பல் நிறத் திரையைப் போட்டதும் அது பளிச்சென்று தெரிந்தது. ஒரு மணி நேரம் ஓடும் பேனல் சரிசெய்தலுக்குப் பிறகும் போகாததால், இது தற்காலிக நிழல் அல்ல, பர்ன்-இன்தான் என்று அவரே எழுதிக் கொடுத்தார். நீங்களோ ‘பயன்பாட்டுத் தேய்மானம், உத்தரவாதத்தில் வராது’ என்று கைவிரிக்கிறீர்கள்.

டிவியை மாட்ட வந்த உங்கள் ஆள், ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார். உங்கள் கையேட்டில் இருப்பது நேர்மாறு: நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடிய டிவி, ரிமோட்டில் அணைத்தபின் ஸ்டாண்ட்பையில் இருந்து ஒவ்வொரு புள்ளியின் தேய்மானத்தையும் அளந்து ஈடுசெய்யும். மின்சாரமே இல்லாவிட்டால் அது எப்படி நடக்கும்? சர்வீஸ் மெனுவில் 3,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகப் பதிவு இருக்கிறது. நூற்றுக்கணக்கான முறை நடந்திருக்க வேண்டிய சரிசெய்தல் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் நடந்திருக்கிறது. தேய்ந்ததை அது புதிதாக்காது என்பது தெரியும். ஆனால் வேறுபாடு இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்காது.

‘போனிலும் ஓஎல்இடிதானே இருக்கிறது, அதில் வருகிறதா?’ என்று உங்கள் கால் சென்டரில் கேட்டார்கள். போன் திரை அரை நிமிடத்தில் அணைகிறது. ஒரே லோகோ பத்து மணி நேரம் அதில் நிற்பதில்லை.

பேனலை இலவசமாக மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் டிவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்த எல்சிடியையும் விலை வித்தியாசம் ரூ. 62,000-ஐயும் கொடுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பில், டெக்னீஷியன் அறிக்கை, சாம்பல் திரையின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்