எலுமிச்சம்பழ அளவு

அன்புப் பேத்திக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. "தாத்தா, பாட்டி எழுதினபடியேதான் செஞ்சேன். மீன் குழம்பை வாயில வைக்க முடியல." மெல்பர்னில் வேலை முடிந்து வந்து, பாட்டி நினைவாக அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாய். அதையெல்லாம் கொட்ட வேண்டியதாகிவிட்டது. தப்பு உன் பக்கம் இல்லை, கண்ணு. பாட்டி பக்கமும் இல்லை. அவள் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டேனே, அங்கேதான் இருக்கிறது. உன் தம்பிகளும் இதைப் பார்த்துச் சமைப்பார்கள் என்பதால் குறிப்புகள் போடும் இடத்திலேயே இந்தக் கடிதத்தையும் போடுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் பேங்கில் கிராணி வேலை பார்த்தவன் நான். சாயங்காலம் கணக்கு ஒத்துவராவிட்டால் எல்லா ஏட்டையும் புரட்ட மாட்டோம். எவ்வளவு குறைகிறது என்று முதலில் பார்ப்போம். அந்தத் தொகை ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ 54 என்பதை 45 என்று எழுதியிருக்கலாம் என்று தேட ஆரம்பிப்போம். பிழையே எங்கே தேட வேண்டும் என்று காட்டிவிடும்.

உன் குழம்பையும் அப்படித்தான் பார்த்தேன். தொண்டையில் கசந்ததா என்று கேட்டேன், இல்லை என்றாய். அப்படியானால் வெந்தயமோ மசாலாவோ கருகவில்லை. தூளின் பச்சை வாசனை அடித்ததா என்றால் அதுவும் இல்லை, எண்ணெய் பிரியும்வரை சரியாகவே வதக்கியிருக்கிறாய். பல் கூசியது, நிறம் கறுத்துவிட்டது என்றாய். இரண்டும் புளியின் வேலை. எவ்வளவு போட்டாய் என்று கேட்டதற்கு, "எலுமிச்சம்பழ அளவுன்னு போட்டிருந்துச்சு தாத்தா, 200 கிராம் பாக்கெட்டுல முக்கால்வாசி ஆச்சு" என்றாய்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீ பார்த்த எலுமிச்சை அங்கே கடையில் விற்கிற மஞ்சள் பழம். பாட்டியின் எலுமிச்சை நம் வீட்டுக் குசினிக்குப் பின்னால் நிற்கிற லிமாவ் நிப்பிஸ். சின்ன வயதில் அவள் இருந்த தோட்டத்து லயன் வீட்டிலும் அந்த மரம்தான் இருந்ததாம். பால்மரம் வெட்டப் போய் வந்த அவள் அம்மா, அந்தப் பழத்தைக் காட்டித்தான் அவளுக்குப் புளி உருட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பாட்டிக்கு எலுமிச்சம்பழம் என்றால் வேறு பழமே கிடையாது.

மரத்தில் ஒன்று பறித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். குறுக்கே மூன்றரை சென்டிமீட்டர். உன்னுடையதை அளந்து சொல்லச் சொன்னேன், ஆறு சென்டிமீட்டர் என்று எழுதினாய். பார்வைக்கு இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் உருண்டையான பொருளுக்கு அகலம், உயரம், கனம் மூன்றும் சேர்ந்தே பெருகும். ஆறை மூன்றரையால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் அதே எண்ணால் பெருக்கினால் ஏறக்குறைய ஐந்து வருகிறது. ஒரு குழம்பில் ஐந்து குழம்புக்கான புளி இருந்திருக்கிறது.

சரி, சரியான அளவு என்ன? பாட்டி இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவளிடமே கற்றுக்கொண்ட சின்னப் பாட்டி இங்கே சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறாள் என்பதால், சனிக்கிழமை வரச் சொன்னேன். அவள் வழக்கம்போலக் கண்ணளவில் சமைக்கட்டும், நான் குறுக்கே பேசுவதில்லை என்று ஏற்பாடு. மசாலா டின், புளிப் பாக்கெட், உப்புப் போத்தல், எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் சமைப்பதற்கு முன்னால் தராசில் வைத்து எழுதினேன். சமைத்த பிறகு மறுபடியும் நிறுத்தேன். ஆரம்ப இருப்பிலிருந்து கடைசி இருப்பைக் கழித்தால் செலவு. அவள் கையைத் தடுக்காமல் அவள் அளவு கிடைத்துவிட்டது. அப்படியும் கடைசியில், "அத்தான், அந்தத் தராச எடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். நின்றேன்.

புளியை மட்டும் மூன்று தடவை உருட்டச் சொன்னேன். 27, 31, 29 கிராம் வந்தது. ஆகவே 30 கிராம் என்று வைத்துக்கொள், கொட்டையில்லாத புளி. போத்தலில் வரும் கெட்டிப் புளிக் கரைசலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது காய்ச்சி வற்றவைத்தது, புளிப்பும் கறுப்பும் அதிகம். வேறு வழியே இல்லையென்றால் ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து, ருசி பார்த்துக் கூட்டு.

இனி குழம்பு. அரை கிலோ மீனுக்குச் சொல்கிறேன். இங்கே கெம்போங், அங்கே கிடைக்கிற ஏதாவது கெட்டியான மீன். நோட்டில் 'ஒரு டின்' என்று வருவதெல்லாம் பழைய கெட்டிப்பால் டின். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், 300 மில்லி. புளியை ஒரு டின் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டு. அந்தச் சக்கையை இன்னொரு டின் தண்ணீரில் பிசைந்து அதையும் சேர். எண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, பத்து சின்ன வெங்காயம், முழுப் பூண்டு எட்டுப் பல். வெங்காயம் வதங்கியதும், 40 கிராம் மீன் மசாலாத்தூளைத் தண்ணீரில் குழைத்துப் போட்டு, சின்னத் தீயில் ஓரத்தில் எண்ணெய் தெரியும்வரை வதக்கு. தூளை உலர்ந்தபடி போட்டால் ஒரு நிமிஷத்தில் கருகிவிடும். அப்புறம் ஒரு தக்காளி, புளித்தண்ணீர், உப்பு. பதினைந்து நிமிஷம் கொதிக்கட்டும். ருசி பார்க்க வேண்டியது இந்த இடத்தில்தான். மீன் போட்ட பிறகு சரிசெய்யக் கிண்டினால் மீன் உடைந்துவிடும். புளிப்புக் கூடியிருந்தால் சீனி போடாதே. பாதிக் குழம்பை எடுத்து வைத்துவிட்டு, அந்த அளவு தண்ணீரும், தனியாக வதக்கிய மசாலாவும் சேர்த்துக் கொதிக்கவிடு.

மீன் போட்டால் ஏழெட்டு நிமிஷம் போதும். அரை டின் தேங்காய்ப்பால் கடைசியில். அங்கே கிடைக்கும் பெட்டிப்பால் கெட்டியாக இருக்கும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்று. சட்டி ஓரத்தில் குமிழ் வந்ததும் அடுப்பை நிறுத்து. தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து வெள்ளைத் திப்பி மிதக்கும்.

நோட்டில் பாட்டி எழுதியதை நான் அழிக்கவில்லை. பேங்கு ஏட்டில் எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அவள் எழுத்தில் கோடு போடவும் எனக்குக் கை வரவில்லை. 'புளி எலுமிச்சம்பழ அளவு' என்பது அப்படியே இருக்கிறது. கீழே சிவப்பு மையில் '30 கிராம்' என்று எழுதி ஒப்பம் வைத்திருக்கிறேன். நீங்கள் படிக்கிற பிரதியிலும் அப்படியே போட்டாயிற்று.

இந்த வாரம் மறுபடியும் செய்து பார், கண்ணு. பால் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு, நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அடுத்தது ரசம். நோட்டில் 'பெருங்காயம் சுண்டைக்காய் அளவு' என்று இருக்கிறது. சுண்டைக்காய் தேடி நாளைக் காலையில் பசாருக்குப் போகிறேன்.

அன்புடன்,
தாத்தா